முழங்கால் பத்திரம்: கிரின்டெல்வால்டில் ஸ்கி பழகும் கிழமை

புறப்பட முதல்

சுவிஸில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே ஸ்கி முகாம் வைத்துப் பழக்கிவிடுகிறது. வளர்ந்தபிறகு இங்கே வந்த எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பேர்ணில் வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், ஆனால் அதில் சறுக்குவது வேறு ஆட்களுடைய வேலை என்றே இத்தனை வருடமும் இருந்துவிட்டோம். இந்த முறை பெப்ரவரி விளையாட்டு விடுமுறைக்கு மகள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள், "நான் மேலே, நீங்கள் ரெண்டு பேரும் கீழே கோப்பி குடிக்கிற விளையாட்டு இனிச் சரிவராது அம்மா." ஆக, நான், இவர், மகள், அண்ணாவின் மகன் என்று நாலு பேர் புறப்படுகிறோம். மருமகனுக்கு ஸ்கி வேண்டாமாம், ஸ்னோபோர்ட்தான் வேண்டுமாம்.

எங்களைப்போல முதல்முறை போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தங்குமிடம் பிடித்த கையோடு நாங்கள் பதிந்தது பெரியவர்களுக்கான குழு வகுப்பைத்தான். தொடக்கநிலை வகுப்புகள் பெரும்பாலும் கிழமையின் ஆரம்பத்தில் தொடங்கி வெள்ளிவரை ஒரே குழுவாகப் போகும். புதன்கிழமை போய் நுழைந்தால், மற்றவர்கள் திருப்பம் எடுக்கப் பழகியிருப்பார்கள், நீங்கள் நிற்கவே தெரியாமல் நிற்பீர்கள். அதனால் வகுப்புத் தொடங்கும் நாளைப் பார்த்துத்தான் மற்ற எல்லாத் திகதியையும் போட்டோம்.

லிஃப்ட் பாஸை இன்னும் வாங்கவில்லை. வேண்டுமென்றுதான். ஏன் என்று திங்கட்கிழமை சொல்கிறேன்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் அவர் எடுத்திருக்கும் விபத்துக் காப்புறுதிக்குள் வரும். ஸ்கி விழுகையும் அதில் அடக்கம். வேலைக்குப் போகாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவக் காப்புறுதியில் 'விபத்து' சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான் கொடுக்கும், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்வரைதான். ஹெலிகொப்டர் வந்தால் மிச்சம் நம் தலையில்.

சனி

இன்டர்லாக்கன் ஒஸ்டில் ஏறும் ரயில் வழியில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருனனுக்கு, மறுபாதி கிரின்டெல்வால்டுக்கு. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். பொதிகளோடு நடுவழியில் பெட்டி மாறுவது சிரமம்.

வந்தவுடன் வாடகைக் கடைக்குப் போனோம். சனி பின்னேரமே எடுத்துவிட்டால் திங்கள் காலை நெரிசலில் நிற்கத் தேவையில்லை. கடையில் நல்ல நேரம் போனது. போகத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் கிழமை முழுவதையும் தீர்மானிப்பது சப்பாத்து.

ஸ்கிச் சப்பாத்தின் அளவு வழக்கமான எண் அல்ல. பாதத்தின் நீளம் சென்ரிமீற்றரில் எவ்வளவோ அதுவே அளவு. என் பாதம் 24 சொச்சம், எனக்கு 24.5 தந்தார்கள். போட்டு நிமிர்ந்து நின்றபோது விரல்நுனி முன்னால் முட்டியது. "சின்னது" என்று நான் சொல்ல, கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு முழங்காலை முன்னுக்கு மடக்கச் சொன்னார். மடக்கியதும் குதி பின்னால் இறங்கி உட்கார்ந்தது, விரல்கள் விடுபட்டன. அதுதான் சரியான அளவு. நிமிர்ந்து நிற்கும்போது சொகுசாக இருக்கிற சப்பாத்து, சறுக்கும்போது பெரிதாகிவிடும். குதி உள்ளே மேலெழும்பினால் நீங்கள் காலைத் திருப்புவீர்கள், ஸ்கி திரும்பாது. அந்த ஆட்டத்தை அடக்கக் கொக்கியை இறுக்குவீர்கள், பிறகு இரத்த ஓட்டம் நின்று கால் விறைக்கும். பெரிய சப்பாத்துக்காரருக்குத்தான் கால் அதிகம் நோகும் என்பது இப்படித்தான்.

இவர் வீட்டிலிருந்தே இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் இரண்டையும் கழற்றவைத்து, முழங்கால்வரை வருகிற மெல்லிய ஒரே சோடியைப் போடச் சொன்னார். உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் விளிம்பையும் சப்பாத்துக்கு மேலே இழுத்துவிடச் சொன்னார். ஒரு சின்ன மடிப்பு உள்ளே இருந்தாலும் மத்தியானத்துக்குள் முன்னங்கால் எலும்பில் கன்றிப்போகுமாம்.

அடுத்தது பைண்டிங். சப்பாத்தை ஸ்கியோடு பூட்டி வைத்திருப்பதும், விழும்போது கழன்று காலைக் காப்பாற்றுவதும் இதுதான். எவ்வளவு விசையில் கழரவேண்டும் என்று ஒரு எண் உண்டு, பைண்டிங்கின் முன்னாலும் பின்னாலும் சின்ன ஜன்னலுக்குள் தெரியும். அதைக் கணக்கிட உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், நீங்கள் எப்படி ஓடுகிறவர் என்ற விபரம் எல்லாம் கேட்பார்கள். அடிநீளம் சப்பாத்தின் குதிப் பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் ஆட்கள் பொய் சொல்வார்கள். பக்கத்து வரிசையில் ஒரு ஆள் மனைவிக்கு முன்னால் நிறையில் நல்லாய்க் குறைத்துச் சொன்னது எனக்கே தெரிந்தது. குறைத்துச் சொன்னால் எண் சிறிதாகும், தேவையில்லாத இடத்தில் ஸ்கி கழன்று விழுத்தும். "நான் கெட்டிக்காரன், வேகமாய் ஓடுவேன்" என்று கூட்டிச் சொன்னால் எண் பெரிதாகும், கழரவேண்டிய நேரத்தில் கழராது, கால் எலும்பு முறியும். இரண்டாவதுதான் ஆபத்து. முதல்முறைக்காரர் எல்லோரும் மெதுவாக ஓடும் முதலாம் வகைதான். இவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்பதால், அதே நிறை, அதே உயரமுள்ள இளம் ஆளைவிட ஒருபடி குறைத்தே வைத்தார்கள். இவர் முகம் கொஞ்சம் வாடியது. "என்னப்பா, வயதுக்குத் தள்ளுபடி தந்திருக்கினம்" என்றேன்.

ஸ்கியின் நீளம் நாடிவரை வந்தால் போதும். ஹெல்மற்றையும் அங்கேயே எடுத்தோம். ஸ்கிக் கண்ணாடிக்கும் ஹெல்மற்றுக்கும் நடுவில் நெற்றி தெரியக்கூடாது. கையுறையும் காலுறையும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஜக்கெற், காற்சட்டையை இரவல் வாங்கலாம், எங்கள் ஆட்கள் யார் வீட்டிலாவது பிள்ளை வளர்ந்து மிஞ்சியது இருக்கும்.

ஞாயிறு

மகள் தகப்பனுக்குப் பழக்குகிறேன் என்று வெளிக்கிட்டாள். அரை மணித்தியாலத்தில் இருவரும் கதைக்கவில்லை. குடும்பத்துக்குள் ஆசிரியர் வேலை வேண்டாம். வாகனம் பழக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு விளங்கும்.

திங்கள்

வகுப்பு நடப்பது போட்மியில். ஊருக்குச் சற்று மேலே, ஃபேர்ஸ்ட் மலையின் அடிவாரத்தில், தொடக்கக்காரருக்கென்றே உள்ள வெயில் படும் சரிவு. நகரும் பட்டியும் சின்ன லிஃப்டும்தான் அங்கே உள்ளவை.

பாஸ் கதை இதுதான். இந்தப் பகுதி முழுவதுக்கும் செல்லும் நாள் பாஸ் ஒன்று, பெரியவருக்கு 70 பிராங்குக்கு மேல் வரும். பல நாளுக்குச் சேர்த்து எடுத்தால் நாளொன்றுக்கு மலிவு என்று எழுதியிருப்பார்கள், உண்மைதான். ஆனால் முதல் நாட்களில் நீங்கள் ஏறப்போவது இந்த நூறு, இருநூறு மீற்றர் சரிவில் மட்டும். இங்கே தொடக்கக்காரருக்குத் தனிச் சீட்டு இருக்கிறது, அதன் விலை பெரிய பாஸில் ஒரு பங்குதான். வகுப்பைப் பதியும்போதே "முதல் நாளுக்கு எந்தச் சீட்டு வேண்டும், அது வகுப்புக் காசுக்குள் வருகிறதா" என்று கேட்டுவிடுங்கள். பெரிய பாஸை, இலகுவான நீலச் சரிவில் நிற்கத் தெரிந்துவிட்டது என்று பயிற்றுநர் சொல்லும் நாளில் எடுத்தால் போதும். மகளுக்கு மட்டும் முழுப் பாஸ் எடுத்தோம், அவள் அதைத் தேய்த்துத்தான் திருப்பித் தருவாள்.

பயிற்றுநர் இந்த ஊர்ப் பெண். முதல் வேலை: ஒரு காலில் மட்டும் ஸ்கி போட்டுச் சமதரையில் தள்ளித் தள்ளி நடப்பது. தடியைத் தரவேயில்லை. கையில் தடி இருந்தால் ஊன்றத் தோன்றும், ஊன்றினால் உடம்பு பின்னுக்குப் போகும் என்றார். அதோடு, தடியின் வாரைக் கையில் மாட்டிக்கொண்டு விழுகிறவர்களுக்குப் பெருவிரலின் அடி மூட்டில் தசைநார் கிழிகிறதாம். ஸ்கிக்காரருக்கு வழமையாக வருகிற காயமாம் இது.

ஒவ்வொருமுறை மாட்டமுதலும் சப்பாத்தின் அடியிலுள்ள பனியைத் தட்டிவிடச் சொன்னார். அடியில் பனி ஒட்டியிருந்தால் பைண்டிங் 'டக்' என்று பூட்டியதுபோல் இருக்கும், ஆனால் முழுதாய்ப் பூட்டியிராது. கடையில் வைத்த எண்ணுக்கு அப்போது அர்த்தமில்லை.

பிறகு ஸ்கியின் நுனி இரண்டையும் கிட்டவைத்து, வால் இரண்டையும் அகட்டி, கலப்பை மாதிரி நிற்பது. அகட்டினால் வேகம் குறையும், ஒடுக்கினால் கூடும். பெருவிரல் பக்க விளிம்பு பனியைச் சுரண்டவேண்டும். இதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: பயம் வந்ததும் பின்னுக்குச் சாய்வது. சாய்ந்தால் நிறை குதிக்குப் போகிறது, ஸ்கியின் முன்பக்கம் லேசாகிறது, லேசான முன்பக்கத்தால் திரும்பவும் முடியாது நிற்பாட்டவும் முடியாது. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். முன்னங்கால் எலும்பு சப்பாத்தின் நாக்கில் அழுத்துகிறதா என்று பாருங்கள். அழுத்தம் தெரிந்தால் சரி. கெண்டைக்கால் பின்னால் இடிக்கிறதென்றால் நீங்கள் பின்னுக்கு உட்கார்ந்துவிட்டீர்கள்.

மத்தியானம் விழுகைப் பாடம். பைண்டிங் முழங்காலைக் காப்பாற்றும் என்று நான் நம்பியிருந்ததைப் பயிற்றுநர் அங்கேயே திருத்தினார். வழமையான பைண்டிங் இரண்டு அசைவைத்தான் உணரும்: முன்னாலே பக்கவாட்டுத் திருகல், பின்னாலே முன்னோக்கிய சாய்வு. அது காப்பாற்றுவது முன்னங்கால் எலும்பையும் கணுக்காலையும். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது பெரும்பாலும் வேறு விதத்தில். ஆள் பின்னுக்கு விழப்போகிறார், இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகிறது, ஒரு கை பின்னால் ஊன்றுகிறது, பாரம் முழுதும் சரிவின் கீழ்ப்பக்க ஸ்கியின் வாலில், அதன் உள்விளிம்பில். விளிம்பு பனியைக் கவ்வி ஸ்கியை உள்ளுக்குத் திருப்புகிறது, மடிந்த முழங்கால் அதோடு முறுகுகிறது. பைண்டிங்குக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே விதி: விழப்போகிறீர்களென்றால் விழுங்கள், அதுவும் பக்கவாட்டில், இடுப்பின் பக்கம் பனியில் படும்படி. கையை முன்னால் வையுங்கள். விழாமல் தப்பவென்று கதிரையில் உட்காருவதுபோல் பின்னுக்கு உட்காராதீர்கள். விழுந்து சறுக்கிக்கொண்டு போகும்போது எழும்ப முயலாதீர்கள், நின்றபிறகு எழும்புங்கள். தசைநார் கிழிந்தவர்கள் பலருக்கும் அவர்கள் முழங்காலுக்குள்ளேயே 'பொப்' என்று கேட்டிருக்கும். சில மணித்தியாலத்துக்குள் வீங்கும், ஊன்றினால் கால் நழுவுவதுபோல் இருக்கும். அப்படியென்றால் "இன்னொருதரம் ஓடிப் பார்க்கிறேன்" என்பது கிடையாது.

செவ்வாய்

இழுவை லிஃப்ட். கம்பியிலிருந்து தொங்கும் கொழுக்கி இடுப்புக்குக் கீழே வந்து தள்ளும். உட்காரக்கூடாது, அது கதிரை அல்ல. இவர் உட்கார்ந்தார், கொழுக்கி தாழ்ந்தது, ஆள் விழுந்தார். அப்படி விழுந்தால் உடனே கையை விட்டுவிட்டுப் பாதையிலிருந்து உருண்டாவது விலகவேண்டும், பின்னாலே அடுத்த ஆள் வந்துகொண்டிருப்பார். ஏறும்போது ஸ்கி இரண்டும் நேராக, முழங்கால் சற்று மடிந்து, கண் மேலே. அவ்வளவுதான். மூன்றாவது தரத்தில் இவருக்கும் வந்துவிட்டது.

இரவு சப்பாத்தின் உள்மெத்தையை வெளியே எடுத்துக் காயவிட்டோம், ஹீற்றருக்கு மேலே அல்ல, பக்கத்தில். ஈரச் சப்பாத்து அடுத்த நாள் காலையில் வெறும் தண்டனை.

புதன்

போட்மி தெற்கு வெயிலைப் பார்க்கிற, உயரம் குறைந்த சரிவு. கிரின்டெல்வால்ட் ஊரே ஆயிரம் மீற்றர் சொச்சம்தான். காலையில் பனி இறுகி, விளிம்பு 'கர்ர்' என்று பிடிக்கும். மத்தியானத்துக்குப் பிறகு அதே பனி சோறு குழைந்த மாதிரியாகி ஸ்கியை இழுத்துப் பிடிக்கிறது. காலையில் திரும்பிய அதே திருப்பத்துக்கு இப்போது இரண்டு மடங்கு பலம் வேண்டும், காலிலோ பாதிப் பலம்தான் மிச்சம். அன்று நான் பார்த்த விழுகைகள் அநேகமாக மத்தியானம் தாண்டித்தான். தொடைத் தசை நடுங்கத் தொடங்கினால், அல்லது காலையில் சுலபமாக வந்த திருப்பத்துக்கு உடம்பை எறியவேண்டியிருந்தால், அன்றைக்குப் போதும். "கடைசியாய் ஒருதரம்" என்று யாரும் சொன்னால் ஸ்கியைக் கழற்றிவிட்டு நடந்து இறங்குங்கள்.

மருமகனின் கதை இங்கேதான் வருகிறது. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் இருப்பதால் முழங்கால் முறுகுவது குறைவு. ஆனால் தொடக்கக்காரர் முன்னும் பின்னும் விழுந்துகொண்டே இருப்பார்கள், ஊன்றுவது கை. அதனால் மணிக்கட்டுத்தான் அவர்களுக்குப் பலவீனமான இடம். கடையிலே மணிக்கட்டுக் காப்பை நீட்டினார்கள். "வேண்டாம் மாமி, அது சின்னப்பிள்ளைகள் போடுறது" என்றான். பிடிவாதமாகப் போடவைத்தேன், இன்று மத்தியானம் உருகிய பனியில் முன்விளிம்பு மாட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இரண்டு கையும் முன்னால். காப்பின் கட்டை நெளிந்தது, மணிக்கட்டு வீங்கவில்லை. இருந்தாலும் பெருவிரலை விரிக்கும்போது அதன் அடியில் ஒரு குழி தெரியுமே, அந்தக் குழியை அழுத்திப் பார்த்தோம். அங்கே நோவிருந்தால் வைத்தியரிடம் போகவேண்டும், ஏனென்றால் அந்தக் குழிக்குக் கீழேயுள்ள சின்ன எலும்பு வெடித்தால் முதல்நாள் எக்ஸ்ரேயில் சிலநேரம் தெரியாது, கவனிக்காமல் விட்டால் ஒட்டவும் கஷ்டம். அவனுக்கு நோவில்லை. இரவு முழுக்கக் கையை முஷ்டியாக மடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை படும்படி விழுவதைக் கட்டில்மேல் பழகினான்.

வியாழன்

எனக்கு உடம்பெல்லாம் நோ. வகுப்புக்குப் போய், மத்தியானத்தோடு திரும்பிவிட்டேன். இவர் முழுநாளும் நின்றார், ஒரு படி குறைந்த பைண்டிங்கோடு.

வெள்ளி

இன்றைக்குத்தான் பெரிய பாஸ். பயிற்றுநர் எங்கள் குழுவை மென்லிஷெனுக்குக் கூட்டிப்போனார். ரயில் நிலையத்தோடு சேர்ந்த ரேர்மினல் கட்டடத்திலிருந்து தொங்குபெட்டி மேலே ஏறுகிறது, 2,200 மீற்றருக்கு மேலே இறக்கிவிடுகிறது. ஐகர் மலை எதிரே நிற்கும், பார்க்கத்தான் நேரமில்லை. இங்கே பனி நாள்முழுதும் காய்ந்தே இருக்கிறது, சரிவுகளும் அகலம். சுவிஸில் பச்சை நிறச் சரிவு கிடையாது, நீலம்தான் இலகு, பிறகு சிவப்பு, கறுப்பு. ஆனால் நீலம் என்றால் எல்லா இடமும் ஒரே சாய்வல்ல. முதல் திருப்பத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது, அதற்கு அங்கால் என்ன என்று தெரியவில்லை. பயிற்றுநர் குறுக்கே, சரிவுக்குப் பக்கவாட்டாக ஓடச் சொன்னார். நேரே கீழே பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் குறுக்கே போய், ஓரத்தில் நின்று, திரும்பி, மறுபடி குறுக்கே. அப்படிப் போனால் எந்த நீலமும் இறங்கிவிடலாம்.

மேலே கூட்டம் இருந்தது. இங்கே சட்டம் எளிது: மேலேயிருந்து வருகிறவர் கீழே இருப்பவருக்கு இடம் விடவேண்டும், பாதையைத் தெரிவுசெய்யும் பொறுப்பு அவருடையது. ஆனால் நின்றுவிட்டுத் திரும்பப் புறப்படுகிறவர் மேலே பார்த்துவிட்டுத்தான் புறப்படவேண்டும், நிற்பதும் ஓரத்தில்தான், மேட்டுக்குக் கீழே மறைவில் அல்ல. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் விழுந்து எழும்பவில்லை. பயிற்றுநர் அவருக்கு மேற்புறமாகத் தன் ஸ்கி இரண்டையும் எக்ஸ் வடிவில் பனியில் குத்திவிட்டு, சரிவோரக் கம்பத்து எண்ணைப் பார்த்து மீட்புக்காரருக்குப் போன் அடித்தார். லிஃப்ட் சீட்டின் பின்னாலோ வரைபடத்திலோ மீட்புக்காரரின் இலக்கம் இருக்கும், முன்கூட்டியே போனில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் 144, ஹெலிகொப்டர் தேவை என்றால் விமான மீட்புச் சேவையான றேகாவின் 1414.

மூன்று மணிக்கு மகள் வந்து சேர்ந்து, "வாங்கோ, கீழே ஊர்வரைக்கும் ஓடியே போவம்" என்றாள். மேலே முடித்த அந்த மகிழ்ச்சியில் இவர் தயாராகிவிட்டார். பயிற்றுநர் கேட்டது ஒன்றுதான்: "தொடை எப்படி இருக்கிறது?" இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்வரை இறங்கும் பாதை நீளம், கீழே போகப் போக பனி மெலிந்து ஈரமாகும், நடுவில் களைத்தால் திரும்பிப் போக வழியில்லை. தொங்குபெட்டியில் இறங்கவும் அதே பாஸ் செல்லும். மகள் ஓடியே போனாள், நாங்கள் பெட்டியில் இறங்கினோம், அவள் எங்களுக்கு முதலே கீழே நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்கி, சப்பாத்து எல்லாவற்றையும் இன்று மாலையே கடையில் திருப்பிக் கொடுத்தோம். மூடமுதல் கொண்டுவந்தால் நாளைக்குக் காசு இல்லை என்று சனிக்கிழமையே கேட்டு வைத்திருந்தேன். மகளின் சப்பாத்து மட்டும் அடுத்த வருடத்துக்குச் சிறுத்துவிடும், அவளுக்கு இனிமேல் பருவம் முழுவதுக்குமான வாடகையைத்தான் ஒக்ரோபரில் எடுக்கப்போகிறோம். நாங்கள் இருவரும் அடுத்த முறையும் நாள் வாடகைதான்.